முதலில் வழி, பிறகு நிறுத்தம்

சென்னையிலிருந்து தஞ்சாவூருக்குக் காரில் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று திருச்சி வரை போய்த் திரும்புவது. இன்னொன்று விக்கிரவாண்டியில் பிரிந்து பண்ருட்டி, கும்பகோணம் வழியாகப் போவது. கூகுள் மேப்ஸில் புறப்படும் இடத்தையும் தஞ்சாவூரையும் மட்டும் கொடுத்தால், பெரும்பாலும் மாற்றுவழிகள் கோடுகளாக நேரத்துடன் தெரியும். நடுவில் ஒரு நிறுத்தத்தைச் சேர்த்ததும் அந்தக் கோடுகள் மறைந்துவிடும். அதனால் ஒப்பிட்டு முடித்த பிறகே நிறுத்தங்களைச் சேர்க்க வேண்டும். கும்பகோணம் வழிதான் வேண்டுமென்றால் பண்ருட்டியையே நிறுத்தமாகக் கொடுத்துவிடலாம். செயலி வேறு பக்கம் இழுக்காது.

சாப்பிடும் ஓட்டல் சாலையின் எதிர்ப்பக்கம் இருந்தால் வரைபடக் கோடு அங்கே கொக்கிபோல வளைந்து திரும்பும். நேரமும் கூடும். நம் பக்கத்து ஓட்டலாகப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

'சுங்கம் தவிர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பரனூர், ஆத்தூர் சுங்கச்சாவடிகளைச் சுற்றிப்போக ஊர்ச்சாலைகளுக்குள் இறக்கிவிடலாம். அதை ஒருமுறை போட்டும் எடுத்தும் பார்த்து, கூடுகிற கிலோமீட்டருக்கான பெட்ரோல் செலவைக் கணக்கிடுங்கள். மிச்சம் சொற்பமென்றால், இரவில் அந்தச் சாலைகளில் போவது வீண் வம்பு.