ஆறாண்டு இடைவெளிக்குப் பின் கணக்குப் பணி: பயிற்சியைத் தேர்வது எப்படி?

குழந்தை வளர்ப்புக்காக 2019 ஜூன் மாதத்தில் கணக்காளர் பணியை விட்ட ஒருவர், ஆறாண்டுகளுக்குப் பின் 2025 இறுதியில் புனேயில் உள்ள வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றின் கணக்கு மற்றும் ஜிஎஸ்டி பணிக்கு விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். நிறுவனத்தின் ஆண்டு விற்றுமுதல் ரூ.10 கோடிக்கு மேல். அறிவிப்பில் மூன்று பணிகள் கேட்கப்பட்டுள்ளன: கொள்முதல் வரி வரவுகளைச் சரிபார்த்தல், மின் விலைப்பட்டியல் தயாரித்தல், டேலி பிரைம் மென்பொருளில் பதிவு செய்தல்.

இத்தகைய நிலையில் பலர் முதலில் செய்வது, ஓராண்டுப் பட்டயப் படிப்பு ஒன்றில் சேர்வதுதான். பெரும்பாலும் அது தேவையற்ற செலவு. இரட்டைப் பதிவு முறையோ, இருப்புநிலைக் குறிப்போ மாறிவிடவில்லை. அறிவிப்பின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, தாம் பணியை விட்ட பின் அதில் என்ன மாறியது என்று எழுதிப் பார்த்தாலே, படிக்க வேண்டியது எவ்வளவு சிறியது என்பது புலப்படும்.

டேலி பிரைம் 2020 நவம்பரில் வந்தது. முந்தைய டேலி இஆர்பி 9-ஐக் கையாண்டவருக்குப் பட்டியல்களின் அமைப்பு மட்டுமே புதிது. கட்டணமற்ற கல்விப் பயன்பாட்டு முறையில் வீட்டிலேயே பழகலாம். மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவு செய்ய முடியும் என்பது அதன் வரம்பு. பழகுவதற்கு அது போதும்.

மின் விலைப்பட்டியல் முறை 2020 அக்டோபரில் பெருநிறுவனங்களுக்குத் தொடங்கி, 2023 ஆகஸ்ட் முதல் ரூ.5 கோடிக்கு மேற்பட்ட விற்றுமுதல் உள்ளோருக்கும் கட்டாயமாயிற்று. ரூ.10 கோடியும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ளோர், விலைப்பட்டியல் தேதியிலிருந்து 30 நாள்களுக்குள் அதைப் பதிவேற்ற வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது.

ஆனால் பெரிய மாற்றம் வரி வரவில்தான் உள்ளது. 2019 ஜூனில் கொள்முதல் ஏட்டின் அடிப்படையிலேயே வரவு எடுக்க முடிந்தது. 2022 ஜனவரி முதல், விற்பனையாளர் தாக்கல் செய்து ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் இடம்பெற்ற தொகைக்கு மட்டுமே வரவு உண்டு. 2024 அக்டோபரில் விலைப்பட்டியல் மேலாண்மை முறையும் சேர்ந்தது. ஒவ்வொரு விலைப்பட்டியலையும் ஏற்கவோ, நிராகரிக்கவோ, நிலுவையில் வைக்கவோ இதில் வசதி உண்டு. எதுவும் செய்யாவிட்டால் ஏற்றதாகவே கருதப்படும்.

ஆகவே கட்டணம் செலுத்திப் படிக்க வேண்டியது, ஜிஎஸ்டி செயல்முறை குறித்த ஒரு குறுகிய பயிற்சி மட்டுமே. அது நடப்புக்கு உகந்ததா என்பதைப் பணம் கட்டுமுன்பே அறியலாம். பாடத்திட்டத்தில் விலைப்பட்டியல் மேலாண்மை முறை உள்ளதா என்று கேட்க வேண்டும். எடுத்துக்காட்டுக் கணக்குகளில் வாகன உதிரிபாகங்களுக்கு 28 விழுக்காடு வரி காட்டப்பட்டால், அவை 2025 செப்டம்பர் 22-க்கு முன் தயாரிக்கப்பட்டவை. அன்று முதல் அவற்றுக்கு ஒரே சீராக 18 விழுக்காடுதான்.

சான்றிதழைவிட நேர்காணலில் எடுபடுவது, செய்து முடித்த ஒரு வேலை. அறிந்த சிறு வணிகர் அல்லது வரி ஆலோசகர் ஒருவரின் அனுமதியுடன், ஒரு மாதக் கணக்கைச் சரிபார்த்தால் போதும். கொள்முதல் ஏட்டில் வரி ரூ.1,84,000, ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் ரூ.1,70,800 என்று இருப்பதாகக் கொள்வோம். வேறுபாடு ரூ.13,200 என்று எழுதி நிறுத்துவது புதியவர் செய்யும் பிழை. விலைப்பட்டியல் எண் வாரியாக ஒப்பிட்டால், ரூ.18,000 வரியுள்ள ஒன்றை விற்பனையாளர் தாக்கல் செய்யவில்லை என்பதும், ரூ.4,800 வரியுள்ள இன்னொன்று அறிக்கையில் இருந்தும் சரக்கு வந்துசேரவில்லை என்பதும் தெரியவரும். முன்னதற்கு விற்பனையாளருக்குக் கடிதம். பின்னதை நிலுவையில் வைத்தல். சரக்கைப் பெறாமல் வரவு எடுக்கச் சட்டம் இடம் தருவதில்லை. அம்மாதம் எடுக்கத்தக்க வரவு ரூ.1,66,000.

அறிக்கை ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி உருவாகிறது. மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்கு 20-ஆம் தேதி கடைசி. இடைப்பட்ட ஆறு நாள்களில் இவ்வேலையை எப்படி முடித்தார் என்பதே நேர்காணல் செய்பவர் கேட்க விரும்பும் செய்தி. விற்பனையாளர் பெயர்களையும் பதிவு எண்களையும் நீக்கிய ஒரு பக்க அட்டவணையை உடன் எடுத்துச் செல்லலாம்.

தன்விவரக் குறிப்பில் இடைவெளியை மறைப்பதும், இந்த ஒரு மாத வேலையை 'ஆலோசகர்' என்ற பதவிப் பெயரால் ஊதிக் காட்டுவதும் ஆபத்தானவை. துறையின் அறிவிக்கைக்குப் பதில் எழுதிய அனுபவம் உண்டா என்ற ஒரே கேள்வியில் அது வெளுத்துவிடும். "குழந்தை வளர்ப்பு, 2019–2025" என்று ஒரு வரியும், அதன் கீழ் "ஒரு சிறு வணிகத்தின் ஒரு மாத வரி வரவுச் சரிபார்ப்பு, 2025" என்று ஒரு வரியும் எழுதினால் போதும்.