ஒரு பாராட்டுக் கடிதத்தில் நாம், நீங்கள், நான்

கூட்டுறவு வங்கி ஒன்றில் பல வருடங்கள் அதிகாரியாக இருந்தேன். எங்கள் 11 கிளைகளின் கணக்குகளையும் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலை ஒருமுறை என் பொறுப்பில் வந்தது. நான்கு மாதத்தில் முடிய வேண்டியது, ஏழு மாதம் இழுத்தது. முதல் முயற்சி தோற்றுப்போய்த் தேதியைத் தள்ளிவைத்தோம். இரண்டாவது முறை, ஒரு சனிக்கிழமை மாலை கவுண்டரை மூடியதும் தொடங்கி, திங்கள் காலை 10 மணிக்கு வாடிக்கையாளர்கள் வருவதற்குள் முடித்தோம். அந்த வாரமே குழுவுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். என் கை எழுதிய முதல் வரி இது:

“அனைத்துப் பணியாளர்களின் அயராத உழைப்பினாலும் ஒத்துழைப்பினாலும் மேற்படி பணி வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது என்பதைத் தெரிவித்துக்கொள்வதில் நிர்வாகம் பெருமகிழ்ச்சி அடைகிறது.”

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் இதே வரியைக் கட்டடத்துக்கு வெள்ளையடித்த பிறகும் அனுப்பலாம், ஆண்டுவிழா முடிந்த பிறகும் அனுப்பலாம். ஏழு மாதம் பாடுபட்டவர் இதைப் படித்தால், தான் செய்தது என்ன என்பது இதை எழுதியவருக்குத் தெரியாது என்றுதான் நினைப்பார். கடிதம் சம்பிரதாயமாக இருந்தது அல்ல அதன் குறை. அதில் ஆளே இல்லை. “நிறைவேற்றப்பட்டது” என்றால் நிறைவேற்றியது யார்? மகிழ்கிற “நிர்வாகம்” யார்?

சம்பிரதாயமும் அன்பும் ஒரே கடிதத்தில் இருக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். நம் அலுவலகங்களிலேயே இரண்டும் சேர்ந்த ஒரு வடிவம் வெகுகாலமாக இருக்கிறது. அதன் பெயர் நேர்முகக் கடிதம். சாதாரண அலுவலகக் கடிதம் ஒரு பதவியிலிருந்து இன்னொரு பதவிக்குப் போகிறது. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று வரிசையாக அடுக்கப்படும் அதில் மனிதர் பெயர் முக்கியமில்லை. நேர்முகக் கடிதம் ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குப் போவது. எழுதுபவரின் பெயரும் பதவியும் தாளின் தலைப்பில் இருக்கும். “அன்புள்ள” என்று தொடங்கிப் பெயர் சொல்லி அழைக்கும். “நான்” என்று தன்மையில் பேசும். கீழே கையெழுத்து மட்டும். ஆனாலும் அது அலுவலகக் கடிதம்தான். அதற்கு எண் உண்டு, தேதி உண்டு, கோப்பில் இடம் உண்டு. பாராட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சட்டை கிடையாது என்பது என் எண்ணம். முதல் வரைவைக் கிழித்துவிட்டு இந்த வடிவத்துக்கு மாறினேன்.

வடிவம் மாறியதுமே உள்ளே ஒரு கேள்வி எழுந்தது. எங்கே “நாம்” போடுவது, எங்கே “நீங்கள்”, எங்கே “நான்”? தமிழில் இதைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. “நாங்கள்” என்றால் படிப்பவர் வெளியே நிற்கிறார். “நாம்” என்றால் உள்ளே வருகிறார். “நாங்கள் உங்களைப் பாராட்டுகிறோம்” என்று எழுதினால், மேஜைக்கு அந்தப் பக்கம் சிலரும் இந்தப் பக்கம் சிலரும் இருப்பதாக ஆகிவிடுகிறது. எல்லா இடத்திலும் “நாம்” போட்டாலும் தவறுதான். “நாம் சாதித்தோம்” என்று அதிகாரி எழுதும்போது, மற்றவர் செய்ததில் அவர் தனக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். பட்ட கஷ்டத்துக்கு “நாம்”. செய்த வேலைக்கு “நீங்கள்”. நடந்த தவறுக்கு “நான்”.

மூன்றாவதுதான் கடினம். எங்கள் முதல் முயற்சி தோற்றதற்குக் காரணம், இரண்டாவது ஒத்திகை வேண்டும் என்று குழு கேட்டபோது நேரமில்லை என்று நான் மறுத்ததுதான். என் வரைவில் இது “போதிய ஒத்திகை மேற்கொள்ளப்படாத நிலையில்” என்று இருந்தது. அதாவது, யாரோ செய்யவில்லை. இந்த இடத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது 1944 ஜூனில் ஐசன்ஹோவர் பென்சிலால் எழுதிய ஒரு சிறு குறிப்பு. நார்மண்டித் தரையிறக்கத்துக்கு முந்தைய நாள், ஒருவேளை தோற்றால் வெளியிடுவதற்கென்று அதை எழுதி வைத்திருந்தார். எவ்வளவு அழுத்தத்தில் எழுதினார் என்பதற்கு அடையாளமாக, தேதியை ஜூலை 5 என்று தவறாகப் போட்டிருக்கிறார். படைகள் திரும்பப் பெறப்பட்டுவிட்டன என்ற பொருளில் முதலில் எழுதி, அதை அடித்துவிட்டு, படைகளை நான் திரும்பப் பெற்றுவிட்டேன் என்று மாற்றினார். வீரர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள், பழி இருந்தால் அது என் ஒருவனுடையது என்று முடித்திருந்தார். அந்தக் குறிப்புக்குத் தேவை ஏற்படவில்லை. ஆனால் அந்த ஒரு திருத்தம்தான் என் வாக்கியத்தையும் திருத்தியது: “இரண்டாவது ஒத்திகை வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள். நான் மறுத்தேன். அந்த முடிவின் சுமையை இரண்டு மாதம் நீங்கள் சுமந்தீர்கள்.”

இதை எழுதினால் மரியாதை போய்விடுமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். போகவில்லை. நடந்தது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைக் கடிதம் மறைத்தால், கீழே எழுதியிருக்கும் பாராட்டையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அடுத்தது பாராட்டு. “சிறப்பாகப் பணியாற்றினீர்கள்” என்பதில் விவரம் எதுவும் இல்லை. விவரம் எங்கே கிடைக்கும் என்பதற்கு அந்த ஞாயிற்றுக்கிழமையையே சொல்கிறேன். பத்துக் கிளைகளின் கணக்கு நேராகிவிட்டது. பதினோராவது கிளையில் மட்டும் பற்றும் வரவும் ஒத்துப்போகவில்லை. வித்தியாசம் 18,640 ரூபாய். மணி இரண்டு. எல்லோரும் ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்கத் தொடங்கினார்கள். கிளை எழுத்தர் அம்மா ஒருவர் மட்டும் ஒரு துண்டுத்தாளில் அந்தத் தொகையை 9-ஆல் வகுத்துப் பார்த்தார். மீதம் வந்தது. இலக்கங்கள் இடம் மாறி, 54 என்பது 45 ஆகியிருந்தால் வித்தியாசம் 9-ஆல் வகுபடும். ஆகவே அது இல்லை. பிறகு பாதியாக்கினார்: 9,320. ஒரு தொகையை வரவுக்குப் பதிலாகப் பற்றில் வைத்துவிட்டால் வித்தியாசம் அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்காக வரும். எனவே 9,320 ரூபாய் இருப்புள்ள கணக்கு எது என்று தேடினார். கிடைத்தது அனாமத்துக் கணக்கு. எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாத தொகைகளைத் தற்காலிகமாக வைக்கும் இடம் அது. அதன் இருப்பு பற்றாகவும் இருக்கலாம், வரவாகவும் இருக்கலாம். பழைய பேரேட்டை எடுத்துப் பார்த்தால் வரவு. நாங்கள் ஏற்றியிருந்தது பற்று. இருபது நிமிடத்தில் முடிந்தது.

கடிதத்தில் இதற்கு இரண்டு வரிதான் இடம் கொடுத்தேன். “ஞாயிறு பிற்பகல் 18,640 ரூபாய் வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பார்த்து, அனாமத்துக் கணக்கில் பக்கம் மாறிய பதிவைக் கண்டுபிடித்தீர்கள். அன்று இரவு நாம் வீட்டுக்குப் போக முடிந்தது அதனால்தான்.” இதில் “அபாரம்”, “மகத்தான” போன்ற சொல் எதுவும் இல்லை. தேதி, தொகை, செய்த முறை, அதன் விளைவு மட்டுமே இருக்கின்றன. உணர்ச்சி காட்டும் அடைமொழி குறையக் குறைய, கவனித்துப் பார்த்திருக்கிறார் என்ற உணர்வு கூடுகிறது. அலுவலகக் கடிதத்துக்கு அந்த அளவு அன்பு போதும், அது கூடுதலாகவும் தெரியாது.

எழுதாமல் விட்டவையும் உண்டு. ஒருவர் தன் தந்தை மருத்துவமனையில் இருந்தபோதும் வேலைக்கு வந்தார். அதை எழுதத்தான் முதலில் மனம் ஓடியது. ஆனால் கோப்பில் நிரந்தரமாகத் தங்கும் தாளில் அவர் வீட்டு விஷயத்தை அவர் அனுமதி இல்லாமல் எழுதக்கூடாது. தவிர, அப்படிப்பட்ட நேரத்தில் அவரை வரவைத்தது பெருமைப்பட வேண்டிய செய்தியும் அல்ல. இதே காரணத்தால் இரவு கண்விழித்ததையும் தியாகமாகப் புகழவில்லை. திட்டம் சரியாக இருந்திருந்தால் அந்த இரவுகள் தேவைப்பட்டிருக்காது. “நாம் பல இரவுகள் தங்க நேர்ந்தது. அடுத்த முறை அப்படி நேராமல் பார்த்துக்கொள்வது என் வேலை” என்று எழுதினேன். ஊக்கத்தொகை, பதவி உயர்வு என்று என் கையில் இல்லாத எதையும் சாடையாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த திட்டத்தைப் பற்றியும் பேசவில்லை. “இதே உற்சாகத்துடன் வரும் காலாண்டிலும்” என்று முடியும் பாராட்டுக் கடிதங்கள் எனக்கும் வந்திருக்கின்றன. கடைசி வரியில் வேலை கொடுக்கும் கடிதம் ஆணையாகத்தான் மனதில் நிற்கிறது.

பெயர்ப் பட்டியல் தனி வேலை. சம்பளப் பதிவேட்டைப் பார்த்து எழுதினால், ஒப்பந்த நிறுவனம் வழியாக வந்த கணினிப் பையன்கள் இருவரும், நள்ளிரவில் பெண் பணியாளர்களை வீட்டில் இறக்கிவிட்ட ஓட்டுநரும் விடுபட்டுவிடுவார்கள். அவர்கள் பெயர் நம் பதிவேட்டில் இருக்காது. அதனால் அந்த இரண்டு நாள் யார் யார் கட்டடத்துக்குள் இருந்தார்கள் என்று காவலாளியின் வருகைப் பதிவை வாங்கிப் பார்த்தேன். பதவி வரிசையை விட்டுவிட்டு அகர வரிசையில் பெயர்களைப் போட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே ஒரு வரி, அவர் செய்த வேலை. ஒருவருக்கு அப்படி வரி எழுத முடியவில்லை என்றால், அவர் செய்ததை நான் கவனிக்கவில்லை என்று பொருள். மூன்று பேரைப் பற்றி மற்றவர்களிடம் கேட்டுத்தான் எழுதினேன்.

ஒரே தாளைச் சுற்றுக்கு விடாமல், ஒவ்வொருவருக்கும் ஒரு மூலப்படி அச்செடுத்து ஒவ்வொன்றிலும் பேனாவால் கையெழுத்திட்டேன். நிரந்தரப் பணியாளர்களின் தனிக்கோப்பில் ஒரு நகல். ஒப்பந்தப் பணியாளர்களுக்குத் தனிக்கோப்பு நம்மிடம் இல்லை என்பதால் அவர்களுடைய நிறுவனத்துக்கு ஒரு நகல். வெள்ளிக்கிழமை எல்லோர் கையிலும் கொடுத்தாயிற்று.

திங்கள் காலை அந்த எழுத்தர் அம்மா கடிதத்தோடு என் அறைக்கு வந்தார்.

“சார், ஒரு திருத்தம் இருக்கு.”

தொகையில் தவறா என்று கேட்டேன்.

“தொகை சரிதான் சார். ஆனா அந்தப் பழைய பேரேட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தது பதிவறை அண்ணன். ஞாயித்துக்கெழம லீவுன்னாலும் போன் பண்ணினதும் சாவியோட சைக்கிள்ல வந்தாரு. வாசல்லயே குடுத்துட்டுப் போயிட்டாரு. அவர் பேரு இதுல இல்ல.”

அவர் உள்ளே வராததால் காவலாளியின் பதிவிலும் இல்லை. அவருடைய பெயரையும், எதிரே ஒரு வரியையும் சேர்த்து, கடிதம் முழுவதையும் மறுபடி அச்செடுத்தேன். பழைய படிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதியவற்றைக் கொடுத்தேன். அகர வரிசையில் அவர் பெயர் முதலில் வந்தது.