பயணப்பையில் மின்கருவிகள்

புது தில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம், நியூயார்க்கில் உள்ள சித்தியின் வீட்டிற்குப் புறப்படுகிறது எனக் கொள்வோம். கைப்பேசியின் மின்னேற்றி, சித்திக்காக வாங்கிய புதிய மிக்சி, இரண்டு பவர் பேங்க்குகள் ஆகியவை கட்டிலின்மீது எடுத்து வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் எவை அங்கே இயங்கும்? எதனை எந்தப் பையில் வைக்க வேண்டும்? இவ்வினாக்களுக்கான விடை, பெரும்பாலும் அந்தந்தக் கருவியின் மேலேயே சிறிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருக்கிறது. அதனைப் படிக்கக் கற்பதே இப்பாடத்தின் நோக்கம்.

வடிவம் வேறு, அழுத்தம் வேறு

நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுவது, உருண்டையான மூன்று முனைகள் கொண்ட ‘டி’ வகைச் செருகி. இதன் பருத்த முனை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமானது. அதுவே நிலத்தொடுப்பு முனை. மின்சாரம் வரும் முனைகள் தொடுவதற்கு முன்னரே இம்முனை தொட்டுவிட வேண்டும் என்பதற்காகவே அது நீளமாக அமைக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவிலோ இரண்டு தட்டையான தகடுகள் கொண்ட ‘ஏ’ வகைச் செருகியும், அதனுடன் ஒரு நிலத்தொடுப்பு முனை சேர்ந்த ‘பி’ வகைச் செருகியும் வழக்கில் உள்ளன. நம் செருகி அங்குள்ள சாக்கெட்டில் நுழையாது. ஆகவே, அடாப்டர் எனப்படும் இணைப்பான் தேவைப்படுகிறது.

இங்கேதான் பலர் தவறாக எண்ணுகின்றனர். அடாப்டர் செருகியின் வடிவத்தை மட்டுமே மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. இந்திய வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ட். அமெரிக்க வீடுகளில் 120 வோல்ட். அதாவது, ஏறத்தாழப் பாதி.

இப்போது மின்னேற்றியை எடுத்துப் பார்ப்போம். அதில் `INPUT: 100-240V ~ 50/60Hz` என்று பொறிக்கப்பட்டுள்ளது. 100 முதல் 240 வோல்ட் வரை எந்த அழுத்தத்திலும் அது இயங்கும் என்பது இதன் பொருள். எனவே, மின்னேற்றிக்கு அடாப்டர் ஒன்றே போதும். மிக்சியின் அடியிலோ `230V` என்று மட்டுமே உள்ளது. அடாப்டரைப் பொருத்தி அதனை நியூயார்க்கில் இயக்கினால், வலுவின்றி மெல்லச் சுழலும். ஊறவைத்த அரிசியை இட்டால் சுழற்சி நின்று, உள்ளிருக்கும் கம்பிச்சுருள் சூடேறிக் கெடவும் கூடும். அழுத்தத்தை உயர்த்தித் தரும் மின்மாற்றி ஒன்று அங்கே வேண்டும். அதுவோ கனமானது. 120 வோல்ட்டில் இயங்கும் மிக்சியை அங்கேயே வாங்குவது எளிது.

இதற்கு நேர்மாறான பிழை இன்னும் கொடியது. அமெரிக்காவில் வாங்கிய, `120V` என்று மட்டும் பொறித்த தலைமுடி உலர்த்தியை இந்தியாவில் இயக்கினால் என்ன நேரும்? அழுத்தம் இருமடங்கானால், வெப்பக்கம்பி ஈர்க்கும் திறன் நான்கு மடங்காகும். சில நொடிகளில் புகை எழும், கருவி கருகிவிடும்.

பவர் பேங்க்கின் கணக்கு

விமானப் பயணத்தில் பவர் பேங்க்கிற்கென்று தனி விதி உண்டு. அதனை விமானத்தின் அடிப்பகுதியிலுள்ள சரக்கறைக்குச் செல்லும் பெரிய பெட்டியில் வைக்கக் கூடாது; கைப்பையில் மட்டுமே எடுத்துச் செல்ல வேண்டும். அதிலும் அளவு உண்டு. அந்த அளவு, வாட்-மணி என்னும் ஆற்றல் அலகால் குறிக்கப்படுகிறது. 100 வாட்-மணி வரை தனி இசைவு வேண்டியதில்லை. 100-க்கு மேல் 160 வரை உள்ளவற்றை விமான நிறுவனத்தின் முன் இசைவுடன் மட்டுமே, இரண்டுக்கு மிகாமல், கொண்டு செல்லலாம். 160-ஐக் கடந்தால் இடமில்லை.

பல பவர் பேங்க்குகளில் `mAh`, அதாவது மில்லி ஆம்பியர்-மணி, என்னும் அளவே பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். அதனை வாட்-மணியாக மாற்றும் வழி இது:

மில்லி ஆம்பியர்-மணி × வோல்ட் ÷ 1000 = வாட்-மணி

இங்கே வோல்ட் என்பது உள்ளிருக்கும் மின்கலத்தின் அழுத்தமாகும். அது பெரும்பாலும் 3.7 வோல்ட். கைப்பேசிக்கு வெளியே தரும் 5 வோல்ட்டைக் கணக்கில் கொள்ளக் கூடாது.

நம் குடும்பத்தின் முதல் பவர் பேங்க் 20000 மில்லி ஆம்பியர்-மணி. 20000 × 3.7 ÷ 1000 = 74 வாட்-மணி. இதனைத் தடையின்றி எடுத்துச் செல்லலாம். இரண்டாவது 30000 மில்லி ஆம்பியர்-மணி. 30000 × 3.7 ÷ 1000 = 111 வாட்-மணி. இதற்கு முன் இசைவு பெற வேண்டும். இல்லையெனில் வீட்டிலேயே விட்டுச் செல்ல வேண்டும். எழுத்துகள் தேய்ந்து அளவு தெரியாத பவர் பேங்க்கைப் பாதுகாப்புச் சோதனையில் அனுமதிக்க மறுக்கலாம்.

ஏன் கைப்பையில்?

தீப்பற்றக்கூடிய பொருளைப் பயணிகளின் அருகிலேயே வைப்பது முறையா என நீங்கள் கேட்கலாம். லித்தியம் அயனி மின்கலத்தினுள் இரு மின்முனைகளை ஒரு மெல்லிய படலம் பிரித்து நிற்கிறது. கீழே விழுவதாலோ, நசுங்குவதாலோ, உற்பத்திக் குறையாலோ அப்படலம் கிழிந்தால் முனைகள் ஒன்றையொன்று தொட்டு வெப்பம் பிறக்கும். அவ்வெப்பம் வேதிவினையை விரைவுபடுத்தும். அவ்வினை மேலும் வெப்பத்தைத் தரும். இவ்வாறு ஒரு கலத்திலிருந்து அடுத்த கலத்திற்கு அது பரவும். சரக்கறையின் தீயணைப்பு வாயு சுடரை அடக்கினாலும், கலத்தின் உள்வெப்பத்தைத் தணிக்க இயலாது. பயணிகள் அறையிலோ புகையை உடனே காணலாம். பணியாளர்கள் சுடரை அணைத்து, நீர் ஊற்றிக் குளிர்விப்பர்.

2025 ஜனவரி 28 அன்று, தென்கொரியாவின் பூசான் நகரில் புறப்பட ஆயத்தமாக இருந்த ஒரு விமானத்தில், தலைக்கு மேலுள்ள பெட்டியிலிருந்து தீ எழுந்தது. அனைவரும் உயிர் பிழைத்தனர். விமானத்தின் மேற்கூரை எரிந்து போயிற்று. பவர் பேங்க் ஒன்றின் உட்காப்பு சிதைந்தது காரணமாக இருக்கலாம் என இடைக்கால ஆய்வறிக்கை கூறியது. மூடிய பெட்டிக்குள் புகை தொடங்கினால், அது கண்ணில் படுவதற்குள் நேரம் கடந்துவிடும். ஆதலால், பவர் பேங்க்கைக் கண்ணுக்கு எட்டும் இடத்தில் வைப்பதே நன்று. பறக்கும்போது அதனைப் பயன்படுத்தப் பல நிறுவனங்கள் தடை விதித்துள்ளன.

உப்பியிருத்தல், தொடாமலேயே சுடுதல், இனிப்புக் கலந்த வேதிநெடி, ‘உஸ்’ என்னும் ஓசை ஆகியவை கெட்ட மின்கலத்தின் அறிகுறிகள். உப்பிய பவர் பேங்க்கைப் பயணத்திற்கு எடுக்கவே கூடாது. இடப்பற்றாக்குறையால் உங்கள் கைப்பையை விமான வாயிலில் வாங்கிச் சரக்கறைக்கு அனுப்ப முற்பட்டால், முதலில் பவர் பேங்க்கை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள்.

சொற்பொருள்

நிலத்தொடுப்பு – கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் இணைப்பு
இசைவு – ஒப்புதல்
படலம் – மெல்லிய ஏடு
நெடி – கடுமையான மணம்

பயிற்சி

1. அடாப்டர் எதனை மாற்றும்? எதனை மாற்றாது?
2. 26000 மில்லி ஆம்பியர்-மணி, 3.7 வோல்ட் உள்ள பவர் பேங்க்கிற்கு முன் இசைவு தேவையா? கணக்கிட்டுக் காட்டுக.
3. பவர் பேங்க்கைச் சரக்கறையில் வைக்கக் கூடாது என்பதற்கான காரணத்தை உம் சொந்த நடையில் எழுதுக.
4. உம் வீட்டிலுள்ள மூன்று மின்கருவிகளின் மேல் பொறித்துள்ள அழுத்த அளவைக் குறித்து, அவை அமெரிக்காவில் இயங்குமா எனப் பட்டியலிடுக.