94 டாலர் கணக்கில் இருந்த ஓட்டை

ப்ளூ ஏப்ரன் 2012-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட நிறுவனம். ஒரு வேளைச் சமையலுக்கு வேண்டிய காய்கறி, இறைச்சி, மசாலா எல்லாவற்றையும் அளந்து, செய்முறை அட்டையோடு பெட்டியில் அடுக்கி வீட்டுக்கு அனுப்பும் தொழில். அப்போது பெட்டி வாராவாரம் வந்தது, பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்ள முடிந்தது. 2016-இல் அதன் விற்பனை ஏறக்குறைய 80 கோடி டாலர். அந்த ஒரே ஆண்டில் விளம்பரத்துக்கும் ஆள் சேர்ப்புக்கும் 14 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருந்தது.

இவ்வளவு செலவழிப்பது புத்திசாலித்தனமா, ஊதாரித்தனமா? தொகையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு புது வாடிக்கையாளரைப் பிடிக்க எவ்வளவு ஆகிறது, அவர் விலகிப் போவதற்குள் கையில் எவ்வளவு மிச்சம் தருகிறார் என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவதை சி.ஏ.சி. என்றும் இரண்டாவதை எல்.டி.வி. என்றும் தொழில் வட்டாரத்தில் சொல்வார்கள். இரண்டாவது முதலாவதைப் போல மூன்று மடங்காவது இருந்தால் தாராளமாகச் செலவழிக்கலாம் என்பது முதலீட்டாளர்களிடையே புழங்கும் வாய்ப்பாடு.

2017-இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது ப்ளூ ஏப்ரன் தன் கணக்கை வெளியிட்டது. 2014 முதல் பார்த்தால் ஒரு வாடிக்கையாளரைச் சேர்க்க 94 டாலர் ஆனது என்றது. சேர்ந்தவர் முதல் ஆறு மாதத்தில் சராசரியாக 400 டாலர் அளவுக்கும், மூன்று ஆண்டில் 940 டாலர் அளவுக்கும் வாங்குகிறார் என்றும் சொன்னது. இது விற்பனைத் தொகைதான், மிச்சமல்ல. உணவுப் பொருள், பேக்கிங், அனுப்பும் செலவு போக நிற்பது மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் மூன்று ஆண்டில் 310 டாலர் மிச்சம். அது 94-இன் மூன்று மடங்குக்கும் சற்று மேல். வாய்ப்பாடு தேறிவிட்டது.

ஆனால் 94 என்பது மூன்று ஆண்டுகளுக்கான சராசரி. ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். போன ஆண்டு ஒரு கோடி ரூபாய் விளம்பரத்துக்கு ஒரு லட்சம் பேர் வந்தார்கள். தலைக்கு 100 ரூபாய். இந்த ஆண்டு இரண்டு கோடி போட்டதில் ஒன்றரை லட்சம் பேர். தலைக்கு 133 ரூபாய். ஒருவரால் கிடைக்கும் மொத்த மிச்சம் 180 ரூபாய் என்றால் லாபம்தான் என்று தோன்றும். ஆனால் கூடுதலாகப் போட்ட கோடி கொண்டுவந்தது 50,000 பேரைத்தான். அவர்களைப் பிடிக்கத் தலைக்கு 200 ரூபாய் ஆகியிருக்கிறது. ஒவ்வொருவரிடமும் 20 ரூபாய் நட்டம். இன்னும் செலவழிக்கலாமா என்று முடிவு செய்ய உதவும் எண் இந்த 200. சராசரி 133 அல்ல.

ப்ளூ ஏப்ரனுக்கும் இதுதான் நடந்தது. சமைக்க ஆசையும் வசதியும் உள்ளவர்கள் முதலில் தாமாகவே வந்துவிட்டார்கள். அடுத்தடுத்த ஆட்களை இலவச உணவும் தள்ளுபடியும் காட்டி இழுக்க வேண்டியிருந்தது. போட்டி நிறுவனங்களும் அதே ஆட்களைத்தான் துரத்தின. வாடிக்கையாளர் கணக்கியலில் தேர்ந்த பேராசிரியர் டேனியல் மெக்கார்த்தி, நிறுவனம் வெளியிட்ட எண்களை வைத்தே கணக்குப் போட்டார். புதிதாகச் சேர்பவர்களின் உண்மைச் செலவு 94 டாலரைவிட வெகுவாக உயர்ந்துவிட்டது என்றும், நூற்றில் எழுபது பேருக்கு மேல் ஆறு மாதத்துக்குள் விலகிவிடுகிறார்கள் என்றும் மதிப்பிட்டார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மூன்றாண்டு வாங்குதலைக் கணக்கிட மூன்றாண்டு பழைய வாடிக்கையாளர் வேண்டும். அந்த 940 டாலர், ஆரம்பத்தில் வந்த ஒரு சிறு கூட்டத்தின் பழக்கம். தள்ளுபடிக்காக நேற்று வந்தவரும் அப்படியே வாங்குவார் என்று எழுதிவைப்பது கணக்கல்ல, ஆசை.

இந்தத் தவறு எந்தத் தொழிலிலும் நேரலாம். கண்டுபிடிக்கும் வழியும் எளிது. எந்த மாதத்தில் சேர்ந்தார்கள் என்று வாடிக்கையாளர்களைத் தனித்தனிக் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்திலும் ஆறாம் மாதம் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பிந்தைய கூட்டங்கள் வேகமாகக் கரைந்தால், மொத்த விற்பனை ஏறினாலும் செலவைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. போட்ட விளம்பரப் பணம் எத்தனை மாத மிச்சத்தில் திரும்புகிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. மூன்றாம் ஆண்டு லாபத்தை நம்பி இந்த மாதச் சம்பளம் கொடுக்க முடியாது அல்லவா?

பங்கு வெளியீட்டுக்குச் சற்று முன் ஹோல் ஃபுட்ஸ் மளிகைத் தொடரை வாங்குவதாக அமேசான் அறிவித்தது. 15 முதல் 17 டாலர்வரை எதிர்பார்த்த பங்கை 10 டாலருக்கு விற்க நேர்ந்தது. பிறகு நிறுவனம் விளம்பரத்தைக் குறைத்தது. 2017 தொடக்கத்தில் பத்து லட்சத்தைத் தாண்டியிருந்த வாடிக்கையாளர் எண்ணிக்கை 2019 இறுதியில் மூன்றரை லட்சம் அளவுக்கு இறங்கியது. வெளியீட்டின்போது ஏறக்குறைய 190 கோடி டாலர் மதிப்பிடப்பட்ட ப்ளூ ஏப்ரனை, 2023-இல் வொண்டர் என்ற நிறுவனம் சுமார் 10 கோடி டாலருக்கு வாங்கியது.