ஒரு குழந்தைக்காகப் பத்து டோஸ் குப்பியைத் திறக்கலாமா?

மாணவர்களே, ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். ஆப்பிரிக்க நாடான சாம்பியாவில் ஒரு கிராமப்புறச் சுகாதார நிலையம். மதியம் நெருங்குகிறது. ஒன்பது மாதக் குழந்தையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு ஒரு தாய் நெடுந்தூரம் நடந்து வருகிறார். குழந்தைக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட வேண்டும். அன்று வேறு எந்தக் குழந்தையும் அந்த ஊசிக்கு வரவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் மருந்துக் குப்பி இருக்கிறது. ஆனால் ஒரு குப்பியில் பத்து டோஸ். திறந்தால் ஒன்பது டோஸ் குப்பைக்குப் போகும். தாதி என்ன செய்ய வேண்டும்?

விடை சொல்வதற்குமுன், மிஞ்சியதை ஏன் நாளைக்கு வைத்துக்கொள்ள முடியாது என்பதைப் பார்ப்போம். இந்த மருந்து உலர்ந்த தூளாக வருகிறது. அதனுள் இருப்பது பலவீனமாக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள வைரஸ். ஊசி போடும் நேரத்தில்தான் அதற்குரிய கரைப்பான் நீரைச் சேர்த்துக் கலக்குவார்கள். சில தடுப்பூசிகளில் கிருமி வளராமல் தடுக்கும் பாதுகாப்புப் பொருள் சேர்க்கப்படும். அதனால் அவற்றில் பலவற்றைத் திறந்த பிறகும், உரிய நிபந்தனைகளோடு, 28 நாள் வரை பயன்படுத்தலாம். தட்டம்மை மருந்தில் அதைச் சேர்க்க முடியாது. சேர்த்தால் தேவையான வைரஸும் செத்துவிடும். ஆகவே கலந்த குப்பிக்குள் ஏதேனும் பாக்டீரியா புகுந்தால் அது தடையின்றிப் பெருகும். கலந்த ஆறு மணி நேரத்தில், அல்லது அன்றைய ஊசி போடும் வேலை முடிந்ததும், எது முந்துகிறதோ அப்போது குப்பியை எறிந்துவிட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் விதி.

இது வெறும் காகித விதி அன்று. 2017-ஆம் ஆண்டு மே மாதம் தென் சூடானில் ஒரு தட்டம்மைத் தடுப்பூசி இயக்கத்தில் 15 குழந்தைகள் இறந்தார்கள். ஒரே ஊசிக்குழாயை நான்கு நாளும் பயன்படுத்தியிருந்தார்கள். மருந்தையும் குளிரில் வைக்கவில்லை. மாசடைந்த மருந்தால் ஏற்பட்ட கடும் கிருமித் தொற்றே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

சரி, அந்தத் தாய்க்கு வருவோம். ஒரே குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பதே சரியான விடை. “அடுத்த வாரம் வாருங்கள்” என்று அனுப்பினால் அவர் திரும்பி வருவார் என்று யாரும் உறுதி கூற முடியாது. தட்டம்மை மிக எளிதில் பரவும் நோய். ஒரு சமூகத்தில் ஏறக்குறைய 95 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால்தான் அதன் பரவலைத் தடுக்க முடியும். வீணாகும் ஒன்பது டோஸைவிட, விடுபடும் ஒரு குழந்தையே பெரிய இழப்பு.

ஆனால் தாதி துணிந்து திறக்க வேண்டுமானால், கையிருப்பு போதுமானதாக இருக்க வேண்டுமே! இங்கேதான் கணக்கு நுழைகிறது.

நமது நிலையத்தில் வாரம் ஒருநாள் இந்த ஊசி போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வாரங்களில் முறையே 3, 6, 4, 7 குழந்தைகள் வருகிறார்கள். மொத்தம் 20. அவசரக்காரர் ஒருவர், “20 குழந்தைகளுக்கு 20 டோஸ்; இரண்டு குப்பி போதும்” என்பார். அந்தக் கணக்கை நம்பினால் முதல் வாரம் ஒரு குப்பி, இரண்டாம் வாரம் ஒரு குப்பி, அத்துடன் சரக்கு தீர்ந்துவிடும். மூன்றாம், நான்காம் வாரங்களில் வரும் 11 குழந்தைகள் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதுதான். ஒவ்வொரு ஊசி நாளிலும் ஒரு புதிய குப்பியைத் திறக்க வேண்டியிருக்கிறது என்பதை அவர் மறந்துவிட்டார். உண்மையில் தேவை நான்கு குப்பி, அதாவது 40 டோஸ். அதில் 20 வீணாகும். 50 விழுக்காடு! கேட்க அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் இதில் யாருடைய கவனக்குறைவும் இல்லை. முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டிய இழப்பு இது.

அப்படியானால் சிறிய குப்பிகளை வாங்கினால் என்ன? ஐந்து டோஸ் குப்பி என்றால், அதே நான்கு வாரங்களுக்கு 1, 2, 1, 2 என ஆறு குப்பி வேண்டும். 30 டோஸில் 10 மட்டுமே வீண். ஒரு டோஸ் குப்பி என்றால் 20 குப்பி. திறந்த குப்பியில் எதுவுமே மிஞ்சாது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஒரு டோஸ் குப்பி, பத்து டோஸ் குப்பியின் பத்தில் ஒரு பங்கு இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அப்படி இல்லை. இந்த மருந்தைப் பெருமளவில் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் குப்பிகளில் ஒரு டோஸ், ஐந்து டோஸ், பத்து டோஸ் எல்லாமே அட்டைப்பெட்டியோடு சேர்த்து ஏறத்தாழ 26 கன சென்டிமீட்டர் இடத்தையே பிடிக்கின்றன. உள்ளே இருக்கும் தூள்தான் கூடுகிறது, குறைகிறது. கண்ணாடியும் காற்றும் அதே அளவுதான்!

குளிர்சாதனப் பெட்டியிலோ இடம் குறைவு. 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை குளிர் நிலைக்க வேண்டும். காற்று சுற்றிவர இடைவெளியும் வேண்டும். மற்றத் தடுப்பூசிகளும் அதே பெட்டியில்தான். மருந்தோடு கலக்கும் கரைப்பானும், கலக்கும்போது அதே குளிர்நிலையில் இருக்க வேண்டும் என்பதால், முதல் நாளே உள்ளே வர வேண்டும். எல்லாம் போக நமது மருந்துக்கு 300 கன சென்டிமீட்டர் இடம் கிடைக்கிறது என்று கொள்வோம்.

மாதம் ஒருமுறை மருந்து வந்தால், ஒரு மாதத் தேவையோடு கால் பங்கு கூடுதலாக வைத்திருப்பது பாதுகாப்பு. ஐந்து டோஸ் குப்பியானால் ஆறும் இரண்டும் எட்டு. எட்டை 26-ஆல் பெருக்கினால் 208. தாராளமாக அடங்கும். ஒரு டோஸ் குப்பியானால் இருபதும் ஐந்தும் இருபத்தைந்து. 650 கன சென்டிமீட்டர். வாய்ப்பே இல்லை. ஆக ஐந்து டோஸ்தான் நல்ல தேர்வு.

மழைக்காலம் வந்து மண்சாலை சேறாகி, மருந்து வண்டி இரண்டு மாதங்களுக்கு ஒருமுறைதான் வரும் என்றால்? ஐந்து டோஸ் குப்பிகள் பன்னிரண்டும் மூன்றும் பதினைந்து; 390 கன சென்டிமீட்டர். அடங்காது. பத்து டோஸ் குப்பிகள் எட்டும் இரண்டும் பத்து, 260. அடங்கும். அதிகம் வீணாக்கும் குப்பிதான் இப்போது குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. நிலையம் மாறவில்லை, குழந்தைகள் மாறவில்லை. சாலை மட்டும்தான் மாறியது. எனவே எந்தக் குப்பி நல்லது என்ற கேள்விக்கு ஊர் தெரியாமல் விடை சொல்ல முடியாது என்பது என் கருத்து. சாம்பியாவிலேயே சில மாவட்டங்களில் ஐந்து டோஸ் குப்பிகளைக் கொடுத்து ஆராய்ந்தபோது, வீணாவது குறைந்ததோடு ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளும் கூடினார்கள். குறைவாக வீணாகும் என்று தெரிந்தால், குப்பியைத் திறக்கும் தயக்கமும் குறையும் அல்லவா?

திட்டம் சரியாக நடக்கிறதா என்பதைப் பதிவேட்டில் காணலாம். திறக்காத குப்பிகள் காலாவதியாகியோ வெப்பம் பட்டோ எறியப்பட்டிருந்தால், அது தவிர்த்திருக்கக்கூடிய தவறு. சரக்கு மிகையாக வந்திருக்கும் அல்லது குளிர்சாதனப் பெட்டி பழுதாகியிருக்கும். திறந்த குப்பியில் மிஞ்சியது என்றால், அது எதிர்பார்த்த இழப்பு.

மேற்பார்வையாளர் ஒருவர் வந்து பதிவேட்டைப் புரட்டுகிறார். பத்து டோஸ் குப்பி இரண்டு திறக்கப்பட்டன; 20 குழந்தைகளுக்கு ஊசி போடப்பட்டது; வீணானது சுழியம் என்று எழுதியிருக்கிறது. பாராட்டிவிட்டுப் போகலாமா? அனுபவமுள்ளவர் போகமாட்டார். எந்தெந்தத் தேதியில் குப்பிகள் திறக்கப்பட்டன, அந்த 20 குழந்தைகளும் எந்தெந்த நாளில் வந்தார்கள் என்று ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார். குழந்தைகள் நான்கு தேதிகளில் வந்திருந்தால், திறந்த குப்பி அடுத்த வாரம்வரை பெட்டியில் இருந்திருக்கிறது என்று பொருள். எல்லாரும் இரண்டே தேதிகளில் வந்திருந்தால், மற்ற இரண்டு வாரங்களில் எத்தனை தாய்மார்களைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று கேட்பார்.