வெயில் எந்தப் பக்கம்?

2012 அக்டோபர் கடைசியில் சாண்டி புயல் அமெரிக்காவின் கிழக்குக் கரையை நெருங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு படம் கைபேசிகளிலும் சமூக வலைத்தளங்களிலும் தீயாய்ப் பரவியது. நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவி சிலை நிற்கிறது. அதற்கு மேலே, குயவர் சக்கரத்தில் சுற்றும் களிமண்ணைப்போல அடுக்கடுக்காகத் திரண்ட ஒரு பிரமாண்ட மேகம் தொங்குகிறது. பார்த்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. புயல் வந்தே விட்டது என்று எண்ணி ஆயிரக்கணக்கானோர் அதை மற்றவர்களுக்கு அனுப்பினார்கள்.

சிலை நிஜமானது, மேகமும் நிஜமானது. ஆனால் அந்த மேகத்தை மைக் ஹாலிங்ஸ்ஹெட் என்ற புகைப்படக்காரர் 2004ஆம் ஆண்டிலேயே எடுத்துவிட்டார். அதுவும் கடலே இல்லாத நெப்ராஸ்கா மாநிலத்தின் சமவெளியில். யாரோ அதை வெட்டியெடுத்து சிலையின் தலைக்கு மேல் ஒட்டிவிட்டார்கள். இவருடைய படங்களுக்கு இந்தக் கதி நேர்வது முதல் முறையும் அல்ல. 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை அழித்தபோது, சமவெளியில் அவர் எடுத்த இடிமேகப் படங்கள் 'கத்ரீனா கரையேறும் காட்சி' என்ற பெயரில் மின்னஞ்சல்களில் சுற்றின. அந்த முறை படத்தில் யாரும் கைவைக்கவில்லை, தலைப்பை மட்டும் மாற்றினார்கள்.

மூலப்படத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு முன்பே இந்தப் பொய்யைப் பிடித்திருக்க முடியும். அதற்குப் புயல் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் போதும். நெப்ராஸ்கா மேகம் ஒரு 'சூப்பர்செல்'. தன்னைத்தானே சுற்றிக்கொண்டு மேலெழும் தனித்த இடிமேகம் அது. அதன் அகலம் பத்து இருபது கிலோமீட்டர்தான். ஆகவே தள்ளி நின்று பார்க்கிறவருக்கு அதன் முழு உருவமும், அதைச் சுற்றியுள்ள வெளிச்சமான வானமும் சேர்ந்தே தெரியும். கடலிலிருந்து வரும் புயலோ வேறு சாதி. சாண்டியின் பலத்த காற்று வீசிய பகுதி மட்டும் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிக அகலம். அவ்வளவு பெரிய பொருளைத் தரையில் நின்று வெளியிலிருந்து பார்க்கவே முடியாது. பார்க்கிறவர் அதற்கு அடியில்தான் இருப்பார். அவருக்குத் தெரிவது தாழ்ந்த சாம்பல் மூட்டமும், சாய்ந்து அடிக்கும் மழையும், மங்கிப்போன கட்டடங்களும்தான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலைச் சென்னையில் அனுபவித்தவர்களைக் கேட்டால் தெரியும். அவர்கள் சொல்வது வெள்ளையாய்ப் பறந்த மழையையும் முறிந்து விழுந்த மரங்களையும் பற்றி. வட்டமாய்த் திரண்ட மேகத்தை யாரும் பார்த்ததாகச் சொல்வதில்லை.

மேகத்தைவிடச் சோதிக்க எளிதானது வானவில். வானத்தில் தோன்றும் காட்சிகளில் இவ்வளவு கறாரான கணக்குக்குக் கட்டுப்பட்டது வேறில்லை என்றே சொல்லலாம். மழைத்துளிக்குள் நுழையும் வெயில் வளைந்து, உள்சுவரில் ஒருமுறை எதிரொளித்து, மீண்டும் வளைந்து வெளியே வருகிறது. அப்படி வரும் ஒளி ஒரு குறிப்பிட்ட கோணத்தில்தான் அடர்ந்து வரும். துளி பெரிதோ சிறிதோ, அந்தக் கோணம் ஏறக்குறைய 42 டிகிரிதான். எங்கிருந்து அளப்பது? நம் தலையின் நிழலிலிருந்து. சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில், நம் தலை நிழல் விழும் திக்கில்தான் வானவில் என்ற வட்டத்தின் நடுப்புள்ளி இருக்கிறது. கையை முழுதாக நீட்டி, விரல்களை அகல விரித்தால் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடையே சுமார் 20 டிகிரி வரும். ஆக, தலை நிழலிலிருந்து இரண்டு சாண் தள்ளி வானவில். வேறெங்கும் அது இருக்காது.

இந்த ஒரு விதியிலிருந்தே பல சோதனைகள் பிறக்கின்றன. சூரியனும் வானவில்லும் ஒரே சாதாரணப் படத்தில் வந்தால் அது ஒட்டுவேலை. வில்லுக்குப் பின்னாலிருந்து மஞ்சள் சூரியன் எட்டிப்பார்க்கும் படங்கள் நாள்காட்டிக்குச் சரி, செய்திக்கு ஆகாது. படத்தில் ஒரு கம்பமோ மரமோ நிழல் போட்டிருந்தால், அந்த நிழல் வில்லின் நடுவுக்குக் கீழே உள்ள இடத்தை நோக்கி ஓட வேண்டும். நிழல்கள் படத்தின் குறுக்காக இடமிருந்து வலமாகக் கிடக்க, எதிரே முழு வில்லும் நேராக நின்றால், நிலத்துக்கு ஒரு சூரியனும் வில்லுக்கு இன்னொரு சூரியனும் வேண்டியிருக்கும்.

நேரத்தையும் கணக்குப் போடலாம். சூரியன் மேலே ஏற ஏற, எதிர்ப்பக்கம் இருக்கும் வில்லின் நடுப்புள்ளி அதே அளவு கீழே இறங்குகிறது. சூரியன் 42 டிகிரியைத் தாண்டிவிட்டால் வில் முழுவதும் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். சமதரையில் நிற்பவருக்கு வானத்தில் ஒன்றும் தெரியாது. சென்னை போன்ற ஊரில் உச்சிச் சூரியன் டிசம்பரில்கூட 53 டிகிரி உயரத்தில் நிற்கிறது. அதனால் ஆண்டின் எந்த நாளிலும் காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் நடுவே அங்கே வானத்தில் மழை வில் தோன்ற வழியில்லை. வெயில் உக்கிரமான மாதங்களில் இந்த இடைவெளி இன்னும் நீளும்.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்கலாம். 'இன்று காலை மெரினாவில்' என்ற குறிப்போடு, மணற்பரப்பும் கடலும் கடலுக்கு மேல் வானவில்லுமாக ஒரு படம் வந்து சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். மெரினாவில் கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் சூரியனும் அங்கேதான் இருக்கும். அப்படியென்றால் வில் மேற்கே, ஊருக்கு மேலே வந்திருக்க வேண்டும். கடல்மேல் வில் என்றால் சூரியன் மேற்கே சாய்ந்த பிறகு எடுத்த படம். குறிப்பு தப்பு. குறிப்பில் 'மாலை' என்று இருந்தால் அடுத்த கேள்வி உயரம். நவம்பர் நடுவில் பிற்பகல் 3 மணிக்குச் சென்னையில் சூரியன் சுமார் 34 டிகிரி உயரத்தில் இருக்கும். 42இல் 34 போனால் மீதி 8. கடலை ஒட்டி முதுகு மட்டும் தெரியும் தாழ்ந்த வில்லாகத்தான் அது இருக்கும். மாலை 5 மணிக்கோ சூரியன் 8 டிகிரிக்கு இறங்கியிருக்கும். வில் 34 டிகிரி வரை எழுந்து அரைவட்டத்தை நெருங்கும். அந்த நேரத்து மணலில் நிழல்களும் மிக நீளமாகக் கிடக்கும். கம்பீரமான பெரிய வில்லும் குட்டை நிழல்களும் ஒரே படத்தில் இருந்தால் சந்தேகப்படலாம்.

சூரியனோ நிழலோ தெரியாத படங்களுக்கு வேறொரு அளவுகோல் உண்டு. இது அதிகம் பேருக்குத் தெரியாது. சிவப்பு ஓரத்திலிருந்து ஊதா ஓரம் வரை வில்லின் பட்டை சுமார் இரண்டு டிகிரிதான், நான்கு முழுநிலவுகளை வரிசையாக வைத்த அகலம். ஆரமோ 42 டிகிரி. ஆக, பட்டை ஆரத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. எந்தக் கேமராவில் எடுத்தாலும் இந்த விகிதம் பெரிதாக மாறாது. ஆனால் கணினியில் வரைந்து ஒட்டும் வில்கள் கொழுத்த பட்டையோடு, ஆரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அகலத்துக்கு இருக்கும். ஒரு ஸ்கேல் இருந்தால் திரையிலேயே அளந்துவிடலாம். முழு வில்லின் குறுக்களவு 84 டிகிரி என்பதும் நினைவில் இருக்கட்டும். கைபேசியின் வழக்கமான லென்ஸுக்குள் அவ்வளவு அடங்காது, அகலக்கோண லென்ஸ் வேண்டும். ஒரே ஒரு வீட்டுக்கு மேல் குடைபோல முழு வில் கவிந்து நின்றால், அந்தப் படம் வீட்டுக்கு மிக அருகிலிருந்து அகலக்கோணத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். தொலைவிலிருந்து எடுத்த வீட்டுக்கு மேல் அப்படி ஒரு சின்ன வில் வராது.

இரட்டை வில்லில்தான் போலிகள் அதிகம் சறுக்குகின்றன. துளிக்குள் ஒளி இரண்டு முறை எதிரொளிக்கும்போது 51 டிகிரியில் வெளிவில் உண்டாகிறது. அதில் வண்ணங்கள் தலைகீழ்: உள்வில்லில் சிவப்பு வெளியோரம், வெளிவில்லில் சிவப்பு உள்ளோரம். இரண்டு சிவப்புகளும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். நடுவிலுள்ள வானம் சுற்றுப்புறத்தைவிடக் கருத்திருக்கும். உள்வில்லுக்கு உள்ளே வானம் வெளிறியிருக்கும். போலி செய்பவர் பெரும்பாலும் ஒரே வில்லைப் பிரதியெடுத்துப் பெரிதாக்கி வைப்பதால் இரண்டிலும் சிவப்பு வெளியோரத்திலேயே நிற்கிறது, வானம் எங்கும் ஒரே நிறமாய்க் கிடக்கிறது.

இந்தச் சோதனைகளை முரட்டுத்தனமாகப் பிரயோகித்தால் உண்மையையும் பொய்யென்று தள்ள நேரும். பின்னால் அசையாத ஏரி இருந்தால், அதில் பட்டுத் திரும்பும் வெயில் தனியாக மூன்றாவது வில்லை உண்டாக்கும். அதன் நடுப்புள்ளி வேறிடத்தில் இருப்பதால் அது மற்ற வில்களை வெட்டிக்கொண்டு போவதுபோலத் தெரியும். விமானத்திலிருந்து பார்த்தால் முழு வட்டமே தெரியலாம். தொலைலென்ஸில் வில்லின் ஒரு துண்டை மட்டும் எடுத்தால் மலையடிவாரத்தில் நேரான வண்ணத்தூணாக நிற்கும். இவையெல்லாம் நிஜம்.

இப்படி நம்பச் சிரமமான படங்களுள் ஒன்று 2004 ஜூன் 12 அன்று கான்சாஸ் மாநிலத்தில் மல்வேன் என்ற ஊருக்கு அருகே எடுக்கப்பட்டது. எடுத்தவர் எரிக் நுயென். கருத்த மேகத்திலிருந்து ஒரு வெள்ளைவெளேரென்ற டொர்னாடோ, அதாவது தரையைத் தொடும் சுழல்காற்று, இறங்குகிறது. அதே படத்தில் ஒரு வானவில்லும் இருக்கிறது. வெள்ளை டொர்னாடோவா, பக்கத்தில் வானவில் வேறா என்று பார்த்தவுடனே யாருக்கும் ஐயம் வரும்.

முதலில் நிறம். டொர்னாடோவுக்குச் சொந்த நிறம் இல்லை. நீர்த்திவலைகளும் அது வாரி எடுத்த மண்ணும்தான் நமக்குத் தெரிகின்றன. வெயில் அதற்குப் பின்னாலிருந்து வந்தால் அது கரிய நிழலுருவாய் நிற்கும். பார்ப்பவரின் முதுகுப்பக்கமிருந்து வெயில் விழுந்தால் வெளுத்துத் தெரியும். ஒரே டொர்னாடோவை எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று இருவர் எடுத்தால் ஒருவருக்குக் கருப்பு, இன்னொருவருக்கு வெள்ளை. மல்வேன் படத்தில் அது வெளுத்திருக்கிறது, அதனால் சூரியன் படமெடுத்தவரின் முதுகுக்குப் பின்னால். வானவில்லும் அதையே சொல்கிறது. நேரம் மாலை, சூரியன் மேற்கே தாழ்ந்திருந்தது. மழை மேகத்தின் கிழக்குப் பக்கத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. மேற்கே நின்று கிழக்கே பார்த்தவருக்கு, வெயில் பட்ட டொர்னாடோவும் அதற்கு அப்பால் மழையில் தோன்றிய வில்லும் ஒரே திக்கில் தெரிந்தன. வில்லின் சிவப்பும் வெளியோரத்தில்தான் இருக்கிறது.