ஃபார்முலாவுக்குள் ஒளிந்திருக்கும் 1.75

2019 ஜூலை 1-ஆம் தேதி இ.எஸ்.ஐ. சந்தா குறைந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கும் பங்கு 1.75 சதவீதத்திலிருந்து 0.75 ஆனது. நிறுவனம் கட்டும் பங்கு 4.75-லிருந்து 3.25 ஆனது. மாதம் 16,000 ரூபாய் வாங்குபவரிடம் 280 ரூபாய் பிடித்துக்கொண்டிருந்த இடத்தில் 120 பிடித்தால் போதும். ஆனால் எக்செல்லில் சம்பளம் போடும் அலுவலகங்களில் இந்த மாற்றம் தானாக நடக்காது. யாரோ ஒருவர் கோப்பைத் திறந்து, அந்த எண் எங்கெங்கே இருக்கிறது என்று தேடி மாற்ற வேண்டும். ஓரிடம் விட்டுப்போனாலும் கோப்பு எந்த எச்சரிக்கையும் தராது. மாதாமாதம் தவறான தொகையை நேர்த்தியாகக் கூட்டிக் காட்டிக்கொண்டே இருக்கும்.

முன்பு இருந்த கணக்காளர் வேலையை விட்டுப் போய், அவருடைய சம்பளக் கோப்பு உங்கள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிறு பின்னலாடை நிறுவனம். கோப்பில் நான்கு ஷீட்டுகள் சம்பளம் தொடர்பானவை: மாதச் சம்பளம், ஓவர்டைம், நிர்வாகத்துக்கான செலவு மதிப்பீடு, காண்ட்ராக்ட் ஆட்களின் சம்பளம். இவற்றோடு `Rates` என்று ஒரு ஷீட். அதில் B4 செல்லில் 0.75%, B5 செல்லில் 3.25%. பார்த்ததும் நிம்மதி வரும். விகிதங்கள் ஒரே இடத்தில், சரியான எண்ணோடு இருக்கின்றனவே! இந்த நிம்மதியை நம்பக் கூடாது. `Rates` ஷீட்டில் எண் சரியாக இருப்பது ஒன்று. மற்ற ஷீட்டுகள் அந்த எண்ணைத்தான் எடுத்துக்கொள்கின்றனவா என்பது வேறு.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. முதலில் கோப்பை நகல் எடுங்கள். சோதனை முழுவதும் நகலில்தான். திறக்கும்போது வெளிக்கோப்பு லிங்க்குகளைப் புதுப்பிக்கவா என்று எக்செல் கேட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய மதிப்புகள் இருந்தபடி இருப்பது நமக்குத் தடயம். `Formulas` மெனுவில் கணக்கீடு `Automatic` என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு B4, B5 இரண்டிலும் 0 போடுங்கள். விகிதம் பூஜ்யம் என்றால் எந்த ஷீட்டிலும் ஒரு ரூபாய்கூட இ.எஸ்.ஐ. வரக் கூடாது. வந்தால், அது `Rates` ஷீட்டைப் பார்க்காமல் வேறெங்கிருந்தோ வருகிறது.

நம் மாதிரிக் கோப்பில் நான்கு இடங்களில் பணம் மிஞ்சுகிறது. நான்கும் நான்கு வகை.

மாதச் சம்பள ஷீட்டில் இ.எஸ்.ஐ. காலம் முழுவதும் பூஜ்யம் ஆகிவிட்டது. H19 மட்டும் 165 என்று நிற்கிறது. அங்கே ஃபார்முலாவே இல்லை. யாரோ எண்ணைக் கையால் அடித்திருக்கிறார்கள். இதை அவசரப்பட்டு அழித்துவிடக் கூடாது, ஏனென்றால் இதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருந்திருக்கிறது. இ.எஸ்.ஐ. வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாய் ஆனது. ஆனால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான சந்தாக் காலத்தின் நடுவில் ஒருவரின் சம்பளம் அந்த வரம்பைத் தாண்டினால், அந்தக் காலம் முடியும்வரை சந்தா பிடித்தே ஆக வேண்டும். அந்தத் தொழிலாளிக்கு ஜூனில் சம்பளம் 22,000 ஆகியிருக்கிறது. “21,000-க்கு மேல் போனால் பூஜ்யம்” என்று எழுதிய ஃபார்முலா உடனே பிடித்தத்தை நிறுத்திவிட்டது. கணக்காளர் சரியான தொகையை, அதாவது 22,000-இல் 0.75 சதவீதமான 165 ரூபாயை, கையால் போட்டிருக்கிறார். அன்றைக்கு அது சரி. அக்டோபரில் அதை எடுக்க மறந்ததுதான் பிழை.

இந்த வகையைப் பிடிக்க எக்செல்லிலேயே வழி இருக்கிறது. காலத்தைத் தேர்ந்தெடுத்து F5 அழுத்தி, `Special` போய், `Constants` என்பதில் `Numbers` மட்டும் டிக் செய்தால் கையால் அடித்த எண்கள் எல்லாம் தெரிந்துவிடும். Ctrl+Shift+\ இன்னும் ஒரு படி மேலே போகும். தேர்ந்தெடுத்த காலத்தின் முதல் செல்லோடு ஒத்துப்போகாத ஃபார்முலா உள்ள செல்களையும் அது காட்டிக்கொடுக்கும். ஒரு எல்லை உண்டு: காலம் முழுவதும் ஒரே மாதிரித் தவறாக இருந்தால் இரண்டு வழியுமே எதையும் காட்டாது. அடுத்த இரண்டு ஷீட்டுகளில் நடந்திருப்பது அதுதான்.

ஓவர்டைம் ஷீட்டில் எல்லா வரிசையிலும் தொகை அப்படியே இருக்கிறது. Ctrl+` அழுத்தினால் ஷீட் முழுவதும் விடைகளுக்குப் பதில் ஃபார்முலாக்கள் தெரியும். அங்கே காண்பது இது:

```
=ROUNDUP(F7*1.75%,0)
```

2019-இல் பழைய கணக்காளர் 0.0175 என்று தேடி மாற்றியிருப்பார். ஓவர்டைம் ஷீட்டை எழுதியவர் அதே விகிதத்தை 1.75% என்று எழுதிவிட்டார். எக்செல் தேடுவது எழுத்து வடிவத்தைத்தான், மதிப்பை அல்ல. 0.0175 என்று தேடினால் 1.75% கிடைக்காது; 1.75/100 என்று எழுதியிருந்தாலும் கிடைக்காது. 4,000 ரூபாய் ஓவர்டைம் செய்தவரிடம் 30 ரூபாய்க்குப் பதில் 70 பிடித்துக்கொண்டிருக்கிறது இந்த ஷீட்.

செலவு மதிப்பீட்டு ஷீட்டில் இருப்பது `=F7*6.5%`. இந்த எண் `Rates` ஷீட்டில் இல்லை. 1.75-ஐயும் 4.75-ஐயும் யாரோ மனக்கணக்காகக் கூட்டி ஃபார்முலாவுக்குள் வைத்துவிட்டார்கள். இப்போதைய மொத்தம் 4 சதவீதம். 16,000 ரூபாய் சம்பளத்துக்கு 640 வர வேண்டிய இடத்தில் 1,040 காட்டுகிறது. இப்படிக் கூட்டியும் பெருக்கியும் வைத்த எண்களைத் தேடிக் கண்டுபிடிப்பது மிகக் கடினம், ஏனென்றால் எதைத் தேட வேண்டும் என்பதே நமக்குத் தெரியாது. அதனால்தான் விகிதத்தைப் பூஜ்யமாக்கிப் பார்க்கும் சோதனையை முதலில் வைக்கிறேன்.

ஃபார்முலாவில் எண்ணைக் கண்டாலே குற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே உள்ள ROUNDUP-இல் கடைசியில் வரும் 0 அப்படியே இருக்கலாம். ஆண்டுக்கு 12 மாதம் என்பதும் மாறப்போவதில்லை. அரசோ நிர்வாகமோ சந்தையோ நாளை மாற்றக்கூடிய எண்ணா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் அதற்கு `Rates` ஷீட்டில் தனி செல் வேண்டும்; பக்கத்திலேயே அது எந்தத் தேதியிலிருந்து அமல் என்ற குறிப்பும் வேண்டும்.

நான்காவதுதான் என் கணக்கில் மிக ஆபத்தானது. காண்ட்ராக்ட் ஷீட்டின் ஃபார்முலா இப்படி இருக்கிறது:

```
=ROUNDUP(F7*'D:\Payroll2018\[Payroll.xlsx]Rates'!$B$4,0)
```

இந்த ஷீட் வேறொரு கோப்பில் பிறந்தது. `Move or Copy` மூலம் இங்கே கொண்டுவந்தபோது, அதன் ஃபார்முலாக்கள் பழைய கோப்பின் `Rates` ஷீட்டையே சுட்டிக்கொண்டு வந்துவிட்டன. அந்தக் கணினி இப்போது இல்லை; D டிரைவில் அந்த ஃபோல்டரும் இல்லை. அப்படியானால் பிழை காட்ட வேண்டாமா? காட்டாது. வெளிக்கோப்பிலிருந்து கடைசியாக எடுத்த மதிப்பை எக்செல் தன்னிடமே சேமித்து வைத்திருக்கும். மூலக்கோப்பு கிடைக்காவிட்டால் அதை வைத்தே கணக்குப் போடும். இங்கே சேமிப்பில் இருப்பது 2018-இன் 1.75 சதவீதம். SUMIF, INDIRECT போன்றவை வெளிக்கோப்பைச் சுட்டினால், அது திறந்திருக்காதபோது `#VALUE!` அல்லது `#REF!` என்று கத்திவிடும், அது நல்லது. இப்படி நேராக ஒரு செல்லைச் சுட்டும் லிங்க் வாயே திறக்காது.

எந்தெந்தக் கோப்புகளோடு தொடர்பு என்பதை `Data` மெனுவில் `Edit Links` அல்லது `Workbook Links` காட்டும். இரண்டும் ஒன்றுதான், பதிப்புக்குப் பதிப்பு பெயர் மாறும். எந்தச் செல் என்று அறிய, மறைத்த ஷீட்டுகளை வெளியே கொண்டுவந்துவிட்டு, Ctrl+F-இல் `.xl` என்று தேடுங்கள். `Within` என்பதில் `Workbook`, `Look in` என்பதில் `Formulas` இருக்கட்டும். தேடியும் எதுவும் அகப்படவில்லை, ஆனால் லிங்க் பட்டியலில் கோப்பு நிற்கிறது என்றால், அது செல்லுக்கு வெளியே இருக்கிறது. Ctrl+F3 அழுத்தி `Name Manager`-இல் உள்ள பெயர்களைப் பாருங்கள். பிறகு `Conditional Formatting`, `Data Validation`, சார்ட்டுகள் ஆகியவற்றைப் பாருங்கள்.

இன்னொரு தடயமும் உண்டு. .xlsx கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. நகலின் பெயரை .zip என்று மாற்றித் திறந்தால் `xl` ஃபோல்டருக்குள் `externalLinks` இருக்கும். மூலக்கோப்பின் முகவரியும், அதிலிருந்து எடுத்துச் சேமித்த மதிப்புகளும் அங்கே எழுத்தாகவே கிடைக்கும். B4 என்பதற்கு நேரே 1.75 சதவீதத்துக்கு உரிய மதிப்பை அங்கே கண்டுவிட்டால் எந்தக் காலத்து விகிதத்தில் கணக்கு ஓடுகிறது என்பது உறுதியாகிவிடும்.

இந்த இடத்தில் பலர் செய்வது `Break Link` பொத்தானை அழுத்துவது. தயவுசெய்து அழுத்தாதீர்கள். அது லிங்க்கை மட்டும் எடுப்பதில்லை. அந்த ஃபார்முலா முழுவதையும் எடுத்துவிட்டு, அன்றைய விடையை வெறும் எண்ணாக வைத்துவிடும். Ctrl+Z போட்டாலும் திரும்பாது. 16,000 வாங்குபவரின் செல்லில் 280 என்று உறைந்துவிடும். அடுத்த மாதம் அவர் பாதி நாள்தான் வந்தார் என்றாலும் 280-தான் பிடிக்கும். எச்சரிக்கைப் பட்டை மறைந்துவிட்டதால், அங்கே ஒரு லிங்க் இருந்தது என்பதே அடுத்து வருபவருக்குத் தெரியாது.

சரியான வழி இதைவிடச் சுலபம். நம் கோப்பிலும் `Rates` ஷீட் இருக்கிறது. B4 அங்கேயும் அதே விகிதம்தான். எனவே Ctrl+H-இல் `'D:\Payroll2018\[Payroll.xlsx]Rates'!` என்பதை `Rates!` என்று மாற்றினால் ஃபார்முலா உயிரோடு இருக்கும், உள்ளூர் விகிதத்தை எடுத்துக்கொள்ளும். ஓவர்டைம் ஷீட்டின் 1.75%-ஐ `Rates!$B$4` என்றும், செலவு ஷீட்டின் 6.5%-ஐ `(Rates!$B$4+Rates!$B$5)` என்றும் மாற்றுங்கள். H19-இல் ஃபார்முலாவைத் திரும்ப வையுங்கள். பிறகு இரண்டு விகிதங்களையும் மறுபடி பூஜ்யமாக்கிப் பாருங்கள். இப்போது எங்கும் எதுவும் மிஞ்சக் கூடாது. மிஞ்சவில்லை என்றால் 0.75, 3.25 இரண்டையும் திரும்ப அடித்து, ஒவ்வொரு ஷீட்டின் மொத்தத்தையும் பழைய கோப்பின் மொத்தத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு வரிசை வரிசையாகக் காரணம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

இத்தனை காலம் இது ஏன் வெளியே வரவில்லை என்றால், இ.எஸ்.ஐ. போர்ட்டல் நாம் ஏற்றும் சம்பளத்தை வைத்துச் சந்தாவைத் தானே கணக்கிடுகிறது. அங்கே 120 என்று சரியாகத்தான் போயிருக்கும். தொழிலாளியிடம் பிடித்தது மட்டும் 280. நடுவில் உள்ள 160 ரூபாய் நிறுவனத்திலேயே தங்கிவிட்டது. ஐந்து ஆண்டு இப்படி ஓடியிருந்தால் ஒருவருக்கு 9,600 ரூபாய். எனவே ஃபார்முலாவைத் திருத்தியதோடு நிறுத்தாமல், பழைய மாதங்களின் பிடித்தத்தைச் சலானோடு ஒப்பிட்டு, கூடுதலாகப் பிடித்த பணத்தை அந்தந்தத் தொழிலாளிக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள்.